குன்னூரில் கல்லாகிவிட்ட புளி: உங்கள் அனுபவம் என்ன?

மதுரையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து இது முதல் குளிர்காலம். போன ஞாயிறு நான்கு பேருக்கு உருளைக்கிழங்கு புளிக்குழம்பு வைத்தேன். மதுரையில் செய்வதுபோலவே எலுமிச்சை அளவு புளியைக் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தேன். பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர்தான் வந்தது. உருண்டையின் நடுப்பகுதி அப்படியே கெட்டியாக இருந்தது. போதாது என்று இன்னொரு உருண்டையையும் கரைத்து, வடிகட்டாமல் கைவிரல் இடுக்கிலேயே ஊற்றிவிட்டேன். இறக்கும்போது சரியாக இருந்த குழம்பு, சாப்பிட உட்கார்ந்தபோது பல் கூசும் அளவுக்குப் புளித்தது. கிழங்கோ முக்கால் மணி நேரம் கொதித்தும் நறுக்கென்று இருந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தயிர் எடுத்துக்கொண்டார். யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

கோத்தகிரியில் மெஸ் நடத்துபவர்: அம்மா, நீங்கள் செய்தது இரண்டு தவறு. முதலாவது குளிர்ந்த தண்ணீர். மார்கழியில் இங்கே குழாய்த் தண்ணீரில் புளி இளகவே இளகாது. கை பொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் மட்டும் ஊற்றுங்கள். ஊற வைக்கும் முன்பே கட்டியை விரலால் பிய்த்து, கோது, நார், கொட்டையை எடுத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். முதல் பிழிவு குழம்புபோலக் கெட்டியாக வர வேண்டும். பிறகு அரை டம்ளர் விட்டு இரண்டாம் பிழிவு, அதன் பின் சக்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்றாவது. சக்கையை நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்பே தெரியாவிட்டால்தான் முழுதும் இறங்கிவிட்டது என்று பொருள். வடிகட்டி ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் மண் அடியில் தங்கும்.

இரண்டாவது, நீங்கள் வடிகட்டாமல் ஊற்றியது. அதில் கரையாத துண்டுகளும் சேர்ந்து போயிருக்கும். அவை சூட்டில் மெல்லக் கரைந்திருக்கும். அதனால்தான் இறக்கும்போது இல்லாத புளிப்பு இலையில் வந்தது.

கிழங்கு வேகாததற்கும் புளிதான் காரணம். புளிப்பில் போட்ட காய் சீக்கிரம் மெத்தென்று ஆகாது. சமவெளியில் எப்படியோ வெந்துவிடும். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் அந்தச் சூடும் கிடைப்பதில்லை. கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகே புளிக்கரைசலை விடுங்கள்.

ஊட்டியிலிருந்து ஒருவர்: எளிய வழி இருக்கிறது. புளிப்பு அதிகமானால் இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள், போய்விடும். அதோடு கறுத்த பழைய புளிதான் அதிகம் புளிக்கும், பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

மெஸ்காரர்: கொதிக்க விட்டால் போவது பச்சை வாசனை மட்டும்தான் ஐயா. தண்ணீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறத்தான் செய்யும். அதனால் கரைசலில் மூன்றில் இரண்டு பங்கை விட்டு, பச்சை வாசனை போனதும் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து ருசி பார்த்து, மீதியைத் தீர்மானியுங்கள். பழைய புளி கறுப்பது உண்மை, ஆனால் நிறத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. கட்டியில் உப்பு சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பார்கள், அதையும் நாக்குதான் சொல்லும். புது மூட்டை பிரித்தால் நான் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்காமல் எடுப்பதில்லை.

கொடைக்கானலிலிருந்து ஓர் அம்மா: எங்கள் வீட்டில் மரத்தக்காளி காய்க்கிறது. போன மாதம் அதை இரண்டு நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டு, வழக்கமான அளவுக்கே புளியையும் விட்டேன். வாயில் வைக்க முடியவில்லை! பருப்பை இன்னும் ஒரு கரண்டி கடைந்து சேர்த்துச் சமாளித்தேன். இப்போது அது போட்டால் புளி நெல்லிக்காய் அளவுதான்.

பழனி அடிவாரத்திலிருந்து: மீன் குழம்புக்குக் குடம்புளி எத்தனை போடுவது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் மூன்று போடுவேன்.

மெஸ்காரர்: குடம்புளி வேறு கதை தம்பி, இவர்கள் கேட்பது கட்டிப் புளி. நான்கு பேருக்குப் புளிக்குழம்பென்றால் எலுமிச்சை அளவு, சாம்பாருக்குப் பருப்பும் தக்காளியும் இருப்பதால் பாதி, ரசத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதெல்லாம் என் கைக்கணக்கு.

ஊட்டிக்காரர்: கொதிநீரையே ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடுமே?

மெஸ்காரர்: கரையும். நார் வாசனையும் ஏறுகிறது என்பது என் எண்ணம். என் வீட்டம்மா ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி கேட்டவர்: நேற்று வெந்நீரில் ஊற வைத்தேன். பதினைந்தாவது நிமிடம் விரல் நடுவே புளி குழைந்து வந்தது. பாதி உருண்டையே போதுமானதாக இருந்தது. கிழங்கும் வெந்தது. பச்சை வாசனை போக மட்டும் மதுரையைவிட அதிக நேரம் ஆகிறது, கேஸ் தீர்கிறது. ஊட்டிக்காரர் சொன்ன கொதிநீரையும் ஒருநாள் பார்க்கிறேன்.