காலில் ஊர்ந்த சிவப்புக் கோடு: உங்களுக்கும் வந்திருக்கிறதா?

பாலக்கோட்டுக்காரன்
வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். மழைக்குப் பயந்து மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். தினமும் காலையில் சுவருக்குத் தண்ணீர் விடும்போது வெறுங்காலோடு அதன் மேல்தான் ஏறி நிற்பேன். ஒருநாள் சுண்டுவிரல் பக்கத்தில் கொசு கடித்தமாதிரி ஒரு தடிப்பு. நாலாம் நாள் பார்த்தால் அங்கிருந்து நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போயிருக்கிறது. ராத்திரி தூங்கவே முடியாத அரிப்பு.

மெடிக்கலில் காட்டினேன், படர்தாமரை என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது, சிவப்பும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கோடு எங்கே முடிகிறது என்று பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். மறுநாள் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. பூஞ்சை இப்படி நடக்காதே என்று அப்போதுதான் உறைத்தது.

தருமபுரியில் ஒரு தோல் டாக்டர் காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மணலில் நாய் படுக்குதா?" ரத்தம், மலம் எதுவும் டெஸ்ட்டுக்கு எழுதவில்லை. எடை பார்த்தார், 63 கிலோ. ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. மூன்றாம் நாள் கோடு நின்றுவிட்டது. தழும்பு மங்க இரண்டு வாரம் ஆனது.

மாந்தோப்பு
கொக்கிப்புழுதான் அண்ணா அது. விட்டால் குடலுக்குப் போய் ரத்தத்தை உறிஞ்சும். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இவ்வளவு பெரிய மாத்திரை எதற்கு? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரை ஒன்று போட்டாலே போதுமே.

ஓய்வுபெற்ற நர்ஸ், கிருஷ்ணகிரி
தம்பி, நீங்கள் சொல்வது மனிதனுக்கென்றே இருக்கிற கொக்கிப்புழு. அதுவும் வெறுங்கால் வழியாகத்தான் நுழையும், ஆனால் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் சுற்றி, குடலுக்குப் போய்ச் சேரும். இவருக்கு வந்தது நாய், பூனையின் கொக்கிப்புழு. நம் தோலின் மேலடுக்கைத் துளைக்கும், அதற்குக் கீழே இறங்க வகையில்லாமல் அங்கேயே வழி தெரியாமல் அலையும். அந்த அலைச்சல்தான் கோடு. குடலுக்கே போகாததை மலத்தில் தேடி என்ன பயன்?

மாத்திரையிலும் பாதிதான் சரி. பள்ளியில் தருவது அல்பெண்டசோல் 400. இதற்கும் அது கேட்கும், ஆனால் ஒரு வேளையோடு நிறுத்தியவர்களுக்குக் கோடு மறுபடி கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளாவது தொடர்ந்து கொடுப்பார்கள், சிலருக்கு அதற்கும் மேல். மெடிக்கல் களிம்பு அரிப்பை மட்டும் அடக்கியது என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். புழுவை அது ஒன்றும் செய்யாது.

காவேரிப்பட்டணம் அம்மா
என் பையனுக்கு இடுப்புக்குக் கீழே பின்பக்கம் வந்தது. ஜட்டி கூட இல்லாமல் எதிர்வீட்டு மணலில் விளையாடுவான். 13 கிலோதான் இருந்தான், அதனால் டாக்டர் ஐவர்மெக்டின் வேண்டாம் என்று அல்பெண்டசோல்தான் கொடுத்தார். மாமியார் கோட்டின் நுனியில் சூடு வைக்கலாம் என்றார்கள். நல்லவேளை, நான் விடவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், கிருஷ்ணகிரி
விடாமல் இருந்ததே நல்லது அம்மா. கண்ணுக்குத் தெரிகிற கோடு புழு நடந்து முடித்த பாதை. புழு அதன் நுனியைத் தாண்டி, நல்ல தோல் மாதிரித் தெரிகிற இடத்தில் இருக்கும். சூடு வைத்தால் வெந்த புண்தான் மிச்சம். விட்டாலும் சில வாரம், சில மாதத்தில் தானே செத்துவிடும், ஆனால் அதுவரை சொறிந்து சொறிந்து சீழ் வைத்துக்கொண்டு வருவார்கள்.

தென்பெண்ணை
எனக்கும் இதேதான்! விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கிறது. நானும் ஐவர்மெக்டின் வாங்கவா?

பாலக்கோட்டுக்காரன்
கோடு ஏதும் ஓடுகிறதா சார்? இல்லையென்றால் அது சேற்றுப்புண் மாதிரி இருக்கிறது. காட்டிவிட்டு வாங்குங்கள்.

நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். தடிப்பு வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒகேனக்கல் போய் அங்கேயும் வெறுங்காலோடுதான் சுற்றினேன். வந்தது அங்கிருந்தா, வீட்டு மணலிலிருந்தா?

ஓய்வுபெற்ற நர்ஸ், கிருஷ்ணகிரி
அடித்துச் சொல்ல முடியாது தம்பி. பெரும்பாலும் சில நாளிலேயே தெரிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் தள்ளியும் வரும். என் சந்தேகம் உங்கள் தார்ப்பாய் மேல்தான். நாய் கழித்த இடத்தில் முட்டை பொரிந்து, புழு தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம் போல ஆகும். அதற்கு ஈரமும் நிழலும் வேண்டும். நல்ல வெயிலில் காய்ந்தால் தாங்காது. நீங்கள் மூடி வைத்தது அதற்கு வசதியாகப் போயிருக்கும்.

பாலக்கோட்டுக்காரன்
மூடாமல் விட்டால் மழையில் மணல் கரைந்து ஓடுகிறது, மூடினால் இது. இப்போதைக்கு வெயில் அடிக்கும்போது தார்ப்பாயை எடுத்து மணலைக் கிளறி விடுகிறேன், ராத்திரி மட்டும் மூடி, சுற்றிக் கல் வைக்கிறேன். மேஸ்திரிக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சிமெண்ட் மூட்டை மேல் பத்திரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு மணல் சலிக்கிறார்.