கலைச்சொல்: நீட்டித்த வாரண்டிக்கு வாங்கிய பணத்துக்கு என்ன பெயர்?

வேலூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். லாங் பஜார் பக்கம் ஒரு வீட்டுச் சாமான் கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் முடிவில் டேலியைத் திறந்தால், நீட்டித்த வாரண்டி விற்ற பணம் மொத்தமும் Indirect Incomes-இல் கிடக்கிறது. பில் போடும் தம்பியைக் கேட்டேன். "நீங்க எழுதிக் கொடுத்த பேர்லயே 'ஒத்திவைத்த வருவாய்'னு இருக்கே சார், வருவாய்னா வருமானத்துலதானே வைக்கணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். அது Current Liabilities-இல் இருக்க வேண்டியது. பெயர்தான் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பியிருக்கிறது.

ஒரு பில்லைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 அன்று ஒரு ஃபிரிட்ஜ் விற்றது. கம்பெனி வாரண்டி ஓராண்டு. அதற்கு மேல் இரண்டு ஆண்டுக்குக் கடையே தரும் வாரண்டியைத் தனியாக ரூ.2,832-க்கு வாங்கினார்கள். அதில் ரூ.432 ஜி.எஸ்.டி.; அது அரசாங்கத்தின் பணம், அந்த மாதக் கணக்கிலேயே சேர்த்துக் கட்டியாக வேண்டும். மீதி ரூ.2,400. கடையின் காப்பு 2025 அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஆகவே 2024-25 கணக்கில் ஒரு ரூபாய்கூட வருமானத்தில் எடுக்கக் கூடாது. அதன் பிறகு மாதம் நூறு: 2025-26-இல் 600, அடுத்த ஆண்டு 1,200, கடைசி ஆண்டு 600. எடுக்காமல் நிற்கும் தொகைக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:

சார், நானும் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்கு ஆகும் செலவுக்குத்தானே இது? 'ஒதுக்கு' என்று பாடப்புத்தகத்திலேயே சொல் இருக்கிறது. விற்ற பணத்தை வருமானத்தில் எடுத்துவிட்டு, வரப்போகும் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கினால் முடிந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஆற்காட்டு அண்ணன் சொல்வது பொருளோடு சேர்ந்து இலவசமாக வரும் வாரண்டிக்குச் சரி. பொருள் பழுதில்லாமல் இருக்கும் என்ற உறுதி அது. தயாரித்த கம்பெனி அதற்கு ஒதுக்குதான் வைக்கும். தனியாக விலை வைத்து விற்றால் அது தனிச் சேவை. இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இந்த இரண்டையும் பிரித்தே வைக்கிறது. வாங்குபவர் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்று பாருங்கள், அதுவே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அண்ணன் வழியில் போனால் மூன்று கணக்காண்டுகளில் பிரிய வேண்டிய லாபம் விற்ற நாளிலேயே ஏறிவிடும். விற்பனை குறைந்த ஆண்டில் ரிப்பேர் செலவு மட்டும் நிற்கும்.

காட்பாடியிலிருந்து:

வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஊரில் 'அச்சாரம்' என்ற சொல் உயிரோடு இருக்கிறது. மண்டபத்துக்கு அச்சாரம் கொடுக்கிறோம். கல்யாணம் நடக்கும் வரை அது மண்டபக்காரர் பணம் ஆவதில்லை. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

வேலூரிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அச்சாரம் என்றால் மீதிப் பணம் பிறகு வரும் என்று காதில் விழுகிறதே. இங்கே முழுப் பணமும் வந்துவிட்டது, நாம் தர வேண்டியதுதான் பாக்கி.

குடியாத்தத்திலிருந்து:

எனக்குக் கணக்கு தெரியாது, மன்னிக்கவும். வாஷிங் மெஷினுக்கு மூன்று ஆண்டு வாரண்டி சேர்த்து வாங்கினேன். ரிப்பேர் என்று போனால், "கார்டைப் பாருங்கம்மா, அது வேற கம்பெனி, அவங்களுக்குப் போன் பண்ணுங்க" என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். என் பணத்தை அவர்கள் எந்தப் பெயரில் எழுதியிருப்பார்கள்?

ராணிப்பேட்டையிலிருந்து:

அம்மா, நீங்கள் கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ரிப்பேர் செய்யும் பொறுப்பு வேறு கம்பெனியுடையது என்றால், கடை வெறும் முகவர். அதற்குக் கமிஷன் மட்டும்தான் வருமானம். விற்றுக் கொடுத்ததோடு வேலை முடிந்தால் அதை அன்றே எடுத்துக்கொள்ளலாம். மாதா மாதம் பிரிப்பது அந்தக் கம்பெனியின் கணக்கில். வேலூர் நண்பரே, உங்கள் கடையின் கார்டில் யார் பெயர் இருக்கிறது?

வேலூரிலிருந்து:

கடையின் பெயர்தான், முத்திரையோடு. இன்று காலை பத்து கார்டை எடுத்துப் பார்த்தேன்.

என் பரிந்துரை 'ஈட்டா முன்வரவு'. நம் பேச்சில் வரவு என்றால் கைக்கு வந்தது, வருவாய் என்றால் சம்பாதித்தது. வந்தது, இன்னும் சம்பாதிக்கவில்லை என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. 'அங்கீகரித்தல்' என்பதற்குப் பதில் கடையில் சொல்கிற மாதிரி 'வருவாயில் எடுத்தல்' என்றே எழுதலாம்.

காட்பாடியிலிருந்து:

'ஈட்டா' என்றால் இனி ஈட்டவே முடியாதது என்று மாணவர்கள் படிப்பார்கள். 'ஈட்டவுள்ள முன்வரவு' என்று வைத்துப் பாருங்கள். நீளம்தான்.

ஆற்காட்டிலிருந்து:

பெயர் எதுவானாலும் மாதம் நூறு என்று சமமாகப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஃபிரிட்ஜ் இரண்டாம் ஆண்டில் அவ்வளவாக வராது, மூன்றாம் ஆண்டில்தான் கம்ப்ரசர் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அதற்குக் கையில் பதிவு இருக்கிறதா அண்ணே? ஐந்தாறு ஆண்டு ஜாப் கார்டு அப்படிக் காட்டினால் மூன்றாம் ஆண்டுக்குக் கூடுதலாக வைக்க இடமுண்டு. ஆனால் ரிப்பேர் வராத மாதத்திலும் வந்தால் பார்க்கத் தயாராக நிற்கிறோமே, அதுவும் சேவைதான் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

வேலூரிலிருந்து:

எங்கள் கடையில் ஜாப் கார்டு 2021-லிருந்துதான் இருக்கிறது. இந்த வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். அதுவரை 'ஈட்டவுள்ள முன்வரவு' என்று லெட்ஜர் திறந்து, தம்பியிடம் Current Liabilities-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.