கால்வானிக் மின்கலப் படம்: இடது பக்கம் இருப்பதுதான் நேர்மின்முனையா? எனக்கு விடை மைனஸில் வருகிறது

தேனி மாணவி
பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. மாதிரித் தேர்வில் ஒரு படம் கொடுத்து ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள், எனக்கு ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் உப்புப்பாலத்தின் பெயரை எழுதியதற்கு. படம் இதுதான்: இடது பீக்கரில் சில்வர் நைட்ரேட் கரைசல், அதில் சில்வர் தகடு. வலது பீக்கரில் காப்பர் நைட்ரேட், அதில் காப்பர் தகடு. இரண்டும் 1 M. நடுவில் KNO₃ உள்ள U குழாய், மேலே ஒயர், வோல்ட்மீட்டர். + – குறி எங்கேயும் இல்லை. கொடுத்த ஒடுக்க மின்னழுத்தம் Ag⁺/Ag +0.80 V, Cu²⁺/Cu +0.34 V.

நான் இடது பக்கம் இருந்ததால் சில்வரை நேர்மின்முனை என்று எழுதினேன். எலக்ட்ரான் இடமிருந்து வலம். 0.34 − 0.80 = −0.46 V. என் தோழி, சமன் செய்யும்போது சில்வரை 2 ஆல் பெருக்குகிறோமே என்று 1.60 − 0.34 = 1.26 V போட்டாள், அவளுக்கும் தப்பு. விடைக்குறிப்பில் நேர்மின்முனை Cu என்று இருக்கிறது, ஆனால் படத்தில் + குறியை சில்வர் பக்கம் போட்டிருக்கிறார்கள். நேர்மின்முனை என்றால் பிளஸ்தானே? இரண்டில் எது அச்சுப் பிழை?

சேகர் திண்டுக்கல்
நீ எழுதியதுதான் சரி. நேர்மின்முனை இடது பக்கம் வர வேண்டும் என்பது விதி. படத்தை மாற்றி வரைந்துவிட்டார்கள், ஆசிரியரிடம் கேட்டு மதிப்பெண் வாங்கு.

பழைய லேப் ஆள்
சேகர், அந்த விதி ஒரே வரியில் எழுதும் குறியீட்டுக்குத்தான்:

```
Cu | Cu²⁺ (1 M) || Ag⁺ (1 M) | Ag
```

இதில் நேர்மின்முனை இடது பக்கம் வரும். பீக்கர் படத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் இடது வலதாகிவிடும், அதற்காக வினை மாறுமா? தேர்வில் வேண்டுமென்றே மாற்றி வரைவார்கள், இடது வலது பார்த்து எழுதுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான்.

தங்கை, படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு எண்கள். 0.80 பெரியது, அதனால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது சில்வர் அயனி, ஒடுக்கம் அங்கே, அது எதிர்மின்முனை. கொடுப்பது காப்பர், ஆக்சிஜனேற்றம் அங்கே, அது நேர்மின்முனை. எலக்ட்ரான் ஒயர் வழியாகக் காப்பரிலிருந்து சில்வருக்கு, உன் படத்தில் வலமிருந்து இடம். காப்பர் கம்பியை சில்வர் நைட்ரேட்டில் போட்டால் கம்பி மேல் வெள்ளி ஊசி ஊசியாகப் படிந்து கரைசல் நீலமாகும், பார்த்திருப்பாய். அதே வினைதான், இங்கே இரண்டு பீக்கராகப் பிரித்து எலக்ட்ரானை ஒயர் வழியாகச் சுற்றிப் போகவைத்திருக்கிறார்கள். மின்கலம் ஓட ஓட காப்பர் தகடு மெலியும், அந்தப் பக்கக் கரைசலின் நீலம் கூடும்.

எதிர்மின்முனையின் மதிப்பிலிருந்து நேர்மின்முனையின் மதிப்பைக் கழி: 0.80 − 0.34 = 0.46 V. உனக்கு வந்த மைனஸைத் தப்பு என்று அடித்துவிடாதே, அது ஒரு தகவல். நீ எழுதிய திசையில் வினை தானாக நடக்காது, இரண்டு முனையையும் மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று அது சொல்கிறது.

உன் தோழிக்கு: வினையைப் பெருக்கலாம், வோல்ட்டைப் பெருக்கக் கூடாது. வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. சில்வர் இரண்டானால் ஆற்றல் இரட்டிப்பாகும், ஆனால் எலக்ட்ரானும் இரட்டிப்பாகும், வகுத்தால் பழைய 0.80 தான். அந்த 2 வர வேண்டிய இடம் ΔG: −2 × 96500 × 0.46, சுமார் −88.8 kJ.

சேகர் திண்டுக்கல்
சரி, குறியீட்டையும் படத்தையும் நான்தான் குழப்பிக்கொண்டேன். ஆனால் ஒயரில் போன எலக்ட்ரான் உப்புப்பாலம் வழியாகத்தானே திரும்பி வரும்? இல்லையென்றால் சுற்று எப்படி முழுமையாகும்?

பழைய லேப் ஆள்
வராது. கரைசலுக்குள் எலக்ட்ரான் போகாது, அங்கே நகர்வது அயனி மட்டும். காப்பர் பீக்கரில் Cu²⁺ கூடிக்கொண்டே போகிறது, அதை ஈடுகட்ட பாலத்திலிருந்து NO₃⁻ அங்கே இறங்கும். சில்வர் பீக்கரில் Ag⁺ குறைகிறது, அங்கே K⁺ இறங்கும். பாலத்தை வெளியே தூக்கிப் பார், ரீடிங் நிலையில்லாமல் அலையும். பாலத்துக்குள் அம்புக்குறி போடச் சொன்னால் e⁻ என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தப் படத்தில் KCl போடாமல் KNO₃ போட்டதற்கும் காரணம் இருக்கிறது. குளோரைடு சில்வர் பக்கம் இறங்கினால் குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக AgCl படியும், கரைசலில் Ag⁺ குறையும், ரீடிங்கும் இறங்கும். KCl பாலம் வைத்தே பழகியவர்கள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

யாழ் உயர்தரம்
தங்கச்சி, இரண்டும் பிழையில்லை. குழப்பம் உங்கள் பாடப்புத்தகச் சொல்லில் இருக்கிறது. நாங்கள் இங்கே அனோட்டு, கதோட்டு என்றுதான் படிக்கிறோம். 1834 இல் ஃபாரடே இந்தச் சொற்களைக் கொண்டுவந்தபோது கிரேக்கத்தில் அவற்றின் பொருள் மேலே போகும் வழி, கீழே போகும் வழி என்பதுதான், அதில் +, − எதுவும் இல்லை. தமிழில் நேர்மின்முனை என்று வைத்தது மின்பகுப்புக்குச் சரியாகப் பொருந்தும், அங்கே அனோட்டு பற்றரியின் + முனையோடு இணைந்திருக்கும். கல்வானிக் கலத்தில் அனோட்டுதான் எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது, அதனால் அதன் குறி −. ஒட்சியேற்றம் நடக்கும் இடம் அனோட்டு என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு வகைக் கலத்துக்கும் அது மாறாது.

டார்ச் லைட்
எனக்கும் இதே பிரச்சினை. பழைய டார்ச் செல்லின் துத்தநாகக் கூட்டை வெட்டி ஜிங்க் சல்பேட்டில் வைத்தேன், காப்பர் ஒயரை மயில்துத்தக் கரைசலில் வைத்தேன், உப்புத் தண்ணீரில் நனைத்த துணிதான் பாலம். மல்டிமீட்டரில் 1.05 காட்டியது, ஆனால் சிவப்பு LED எரியவே இல்லை. அரை மணி கழித்து 0.9, துத்தநாகம் கறுத்துவிட்டது. பாலத்தில் KNO₃ இல்லாததுதான் காரணமா?

பழைய லேப் ஆள்
உங்கள் கேள்வி வேறு, இருந்தாலும் சொல்கிறேன். 0.34 − (−0.76) = 1.10, அதனால் 1.05 நல்ல ரீடிங். சிவப்பு LED க்கு 1.8 V பக்கம் வேண்டும், ஒரு கலத்தில் எரியாது. கறுப்பு, துத்தநாகத்தின் மேல் படிந்த காப்பர். Cu²⁺ துணி வழியாக அந்தப் பக்கம் வந்திருக்கிறது. இரண்டு குவளையிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்ததா? ஏற்றத்தாழ்வு இருந்தால் துணி திரிபோலக் கரைசலை இழுத்துவிடும், லேபில் அகர் போட்டு உறையவைப்பது அதற்குத்தான். ரீடிங் 0.9 க்கு இறங்கியது இதனால் மட்டும்தானா என்று எனக்கு உறுதியில்லை, LED யை அரை மணியும் இணைத்தே வைத்திருந்தீர்களா?

தேனி மாணவி
மறுபடி போட்டுப் பார்த்தேன். காப்பர் நேர்மின்முனை, குறி −. சில்வர் எதிர்மின்முனை, குறி +. எலக்ட்ரான் வலமிருந்து இடம், NO₃⁻ காப்பர் பக்கம், K⁺ சில்வர் பக்கம், 0.46 V. தோழிக்கும் அனுப்பிவிட்டேன். தேர்வில் "நேர்மின்முனை (−)" என்று எழுதினால் திருத்துபவர் தப்பு என்று அடித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. "ஆனோடு (−)" என்று எழுதலாமா?

யாழ் உயர்தரம்
இங்கே தாராளமாக எழுதலாம். உங்கள் ஊர்த் திருத்தும் முறை எனக்குத் தெரியாது.

சேகர் திண்டுக்கல்
இரண்டு சொல்லையும் எழுதி, பக்கத்தில் ஆக்சிஜனேற்ற வினையையும் போட்டுவிடு. Cu → Cu²⁺ + 2e⁻ என்று இருந்தால் அடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டார்ச் லைட்
ஆமாம், LED இணைத்தே இருந்தது. காப்பர் பக்கம் நீர்மட்டம் ஒரு விரல் அளவு உயரம். நாளைக்குச் சமமாக வைத்து, LED இல்லாமல் பார்த்துவிட்டு ரீடிங் போடுகிறேன்.