பல கட்டளை, ஒரு விசை: அலியாஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் கணினி வகுப்புக்கென எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மாணவர்கள் எல்லாரும் டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடுகிறவர்கள் என்பதால், கட்டளை எழுதும் முதல் பாடத்தை, அந்த விளையாட்டில் கட்டளைகளைத் தட்டும் பெட்டியான கன்சோலிலேயே அமைத்திருக்கிறேன். விசையைக் கட்டளையோடு சேர்க்கும் `bind` என்பதற்குப் 'பிணை' என்று எழுதிவிட்டேன். கட்டளைக்குப் பெயர் சூட்டும் `alias` என்ற இடத்தில்தான் எழுத்து நின்றுவிட்டது.

வகுப்பில் நடந்ததைச் சொன்னால் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பது விளங்கும். குதிப்பதையும் குனிவதையும் ஒரே விசையில் வைத்தால் உயரமான பெட்டியின் மேல் ஏறிவிடலாம் என்று ஒரு மாணவன் இப்படி எழுதினான்:

```
bind "v" "+jump; +duck"
```

விசையை அழுத்தியதும் ஆள் கால்களை மடக்கிக்கொண்டு அழகாகத் தாவினான். விசையை விட்ட பிறகு குனிந்தபடியே நின்றுவிட்டான். வழக்கமான குனியும் விசையை அழுத்தி விட்டுப் பார்த்தும் நிமிரவில்லை. கன்சோலைத் திறந்து `-duck` என்று தட்டிய பிறகே நிமிர்ந்தான். காரணம் இதுதான்: விசையை விடும்போது விளையாட்டு பிணைத்த சரத்தின் முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறது. அது `+` என்றால் அதை `-` ஆக்கி, மீதிச் சரத்தை அப்படியே மறுபடியும் அனுப்புகிறது. ஆக, விட்டபோது போனது `-jump; +duck`. குதிப்பை நிறுத்திய அதே வரி, குனியச் சொல்லி மீண்டும் ஏவியிருக்கிறது.

இதற்கு மருந்து, கட்டளைகளை ஒரு பெயரின் கீழ் கொண்டுவந்து, அந்தப் பெயரை விசையோடு பிணைப்பது:

```
alias "+thaavu" "+jump; +duck"
alias "-thaavu" "-duck; -jump"
bind "v" "+thaavu"
```

இப்போது சரத்தில் இருப்பது ஒரே ஒரு `+`. அது பெயருக்கு உரியது. விசையை விட்டதும் `-thaavu` ஓடுகிறது. அதில் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே எழுதி வைத்திருக்கிறோம். வெறும் கட்டளை வரிசையால் முடியாததைப் பெயர் செய்து தருகிறது. மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் வழங்கும் 'மாற்றுப்பெயர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். "எதற்கு மாற்று சார், குதிப்பதற்கா குனிவதற்கா?" என்று கேட்டார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

வணக்கம் சார். இதற்குப் 'புனைபெயர்' என்ற பழகிய சொல் இருக்கும்போது ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? விளையாட்டில் நானும் சொந்தப் பெயரை வைப்பதில்லை. என் பிள்ளைகள் வைத்திருப்பவையும் புனைபெயர்களே. கூடவே ஒரு கேள்வி: என்னுடைய மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் ஐந்து விசைகளைப் பதிந்து வைத்திருக்கிறேன். அதையும் இதே சொல்லால் குறிக்கலாமா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

லாஸ்பேட்டை அண்ணா, ஆசிரியர் கேட்பது ஆடுகிறவரின் பெயரைப் பற்றி அன்று. கட்டளைக்குச் சூட்டும் பெயரைப் பற்றி. உங்கள் மவுஸில் இருப்பதும் வேறு பொருள். அது நீங்கள் விசைகளைத் தட்டிய வரிசையையும் இடைவெளியையும் பதிந்து வைத்து, யாரோ தட்டுவதுபோலத் திரும்பத் தட்டிக் காட்டுகிறது. அலியாஸ் எந்த விசையையும் தட்டுவதில்லை. விளையாட்டின் கட்டளை வரிசைக்குள் நேரே எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அன்பர்களே, முப்பது ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பொருளுக்கான சொல்லை நாம் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, அது நம் இலக்கணத்திலேயே காத்திருக்கிறது. 'தொகை' என்பதுதான் அது.

தொகு என்னும் வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கூட்டிச் சேர்த்தல். மற்றொன்று மறைந்து நிற்றல். பால் குடித்தான் என்னும்போது 'ஐ' உருபு தொக்கு நிற்கிறது என்கிறோம். கபிலபரணர் என்னும்போது இரண்டு 'உம்' தொக்கு நின்று இருவரை ஒரு சொல்லாக்குகின்றன. ஆசிரியர் எழுதிய `+thaavu` செய்வதும் இதுவே. குதிப்பதும் குனிவதும் அதனுள் கூடியும் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தும் இருக்கின்றன. இடையில் உள்ள அரைப்புள்ளியை நான் மறைந்த உம்மையாகவே காண்கிறேன்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. தொகைக்கு மறுதலை 'விரி'. பெயரைக் கண்டதும் விளையாட்டு அதை உள்ளிருக்கும் கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறதே, அந்தச் செயலுக்கும் உங்களுக்கு ஒரு சொல் தேவைப்படும். 'தொகைப்பெயர் விரிந்து ஓடுகிறது' என்று எழுதுங்கள். இரண்டு சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக அமையும். மாற்றுப்பெயர் என்று வைத்தால் விரிவதற்கு வேறு ஊரில் சொல் தேட வேண்டியிருக்கும்.

இந்தத் தொகுவிலிருந்து வந்தவை தொகுதி, தொகுப்பு என நீளும். மாங்காய்த் தொக்குகூட, பலவும் ஒன்றாய்த் திரண்டு நிற்பதால் வந்த பெயர் என்றே என் மனம் சொல்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

ஐயாவின் விளக்கம் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொகை என்றால் வங்கியில் கட்டும் பணம். 'தொகைப்பெயரை உள்ளிடுக' என்று படித்தால் ரசீது நினைவுதான் வரும்.

நான் இன்னொரு வழி சொல்கிறேன். அலியாஸ் என்ற சொல்லை நம் மக்கள் காவல்நிலைய அறிவிப்புகளிலும் பத்திரப் பதிவுகளிலும் நெடுங்காலமாக அறிவார்கள். அங்கே தமிழில் 'என்கிற' என்றுதான் எழுதுகிறோம்; சுருக்கமாக 'எ' என்ற ஒற்றை எழுத்தைப் போடுவதும் உண்டு. ஆகவே 'என்கிறபெயர்' என்று வைத்தால் என்ன? மேலும் இது ஒரு முறை எழுதினால் போதும், விளையாட்டே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதையும் கையேட்டில் சேர்த்தால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும். என் விசைப் பிணைப்புகள் எல்லாம் கணினியை நிறுத்திவிட்டு வந்தாலும் அப்படியே இருக்கின்றன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

நெல்லிக்குப்பம் அண்ணா சொன்னதில் பாதி சரி, மறுபாதி வகுப்பில் சிக்கலை உண்டாக்கும். பிணைப்புகளை விளையாட்டு தானே `config.cfg` என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அலியாஸ்களை எழுதி வைப்பதில்லை. இன்று கன்சோலில் மூன்று வரியையும் தட்டிவிட்டு மூடினால், நாளை v விசை `+thaavu` என்ற பெயரை அழைக்கும், அந்தப் பெயருக்கு உள்ளே எதுவும் இராது. தெரியாத கட்டளை என்று கன்சோலில் ஒரு வரி வரும், ஆள் அசையமாட்டான். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று ஒரு மாணவன் வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். `tf/cfg` அடைவில் `autoexec.cfg` என்று ஒரு கோப்பை உண்டாக்கி மூன்று வரியையும் அதில் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அவை படிக்கப்படும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். முத்தியால்பேட்டை ஐயாவின் தொகை-விரி இணை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயினும் இரண்டு இடங்களில் அது பொருந்தவில்லை. அலியாஸுக்குள் ஒரே ஒரு கட்டளை இருப்பதும் உண்டு. அங்கே தொகுக்க ஒன்றுமில்லை. மற்றது இது:

```
alias kuni "kuni_on"
alias kuni_on "+duck; alias kuni kuni_off"
alias kuni_off "-duck; alias kuni kuni_on"
bind "c" "kuni"
```

முதல் முறை c அழுத்தினால் ஆள் குனிகிறான். அப்போதே `kuni` என்ற பெயர் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. அடுத்த முறை அழுத்தினால் நிமிர்கிறான். பெயர் ஒன்றுதான், அழைக்கும்தோறும் அது குறிப்பது வேறு. இங்கே தொகுத்தல் முதன்மை அன்று. கூப்பிட்டால் அந்த நேரத்தில் அந்தப் பெயருக்கு உரியது வருகிறது என்பதே முதன்மை. அதனால் 'விளிப்பெயர்' என்று முன்மொழிகிறேன். 1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டிலிருந்தே இந்த ஏற்பாடு வருகிறது. அன்றும் இன்றும் அதன் அடிப்படை, பெயர் சொல்லி ஏவுவதுதான்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அம்மா, நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டை இரண்டு முறை படித்தேன். பொருள் மாறும் பெயர் என்பது உண்மை. ஆனால் விளி என்பது எட்டாம் வேற்றுமை. விளிப்பெயர் என்றால் 'கண்ணா', 'அம்மா' என்று அழைக்கும்போது திரிந்து நிற்கும் பெயரைத்தான் தமிழ் படித்தவர் நினைப்பார்கள். அந்தச் சொல்லைப் பறித்து வேறு பொருளில் இடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: பணத்தைக் குறிக்கும் தொகையும் இதே தொகைதான்; சேர்ந்தது என்பதே அதன் பொருள். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு அழைத்துச் செல்வது ஆசிரியரின் வேலை. எளிமை வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பின்வாங்கினால் அலியாஸ் என்றே எழுதிவிடலாம். அப்புறம் இந்தக் குழு எதற்கு?

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அலியாஸ் என்றே எழுதினால் குறைவு ஒன்றும் இல்லை ஐயா. கன்சோலில் பிள்ளை தட்டப்போவது அந்தச் சொல்லைத்தான். திரையில் ஒன்றும் தாளில் வேறொன்றும் இருந்தால் அவன் இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதைச் சொன்னால் தமிழுக்குப் பகை என்று ஆகிவிடக் கூடாது.

லாஸ்பேட்டையிலிருந்து:

புனைபெயரை விட்டுவிடுகிறேன். 'கட்டளைக்கொத்து' எப்படி? சாவிக்கொத்துபோல எல்லாருக்கும் கண்ணில் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2024 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல், ஒரே விசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நகர்வையோ சுடுதலையோ பிணைத்தால் ஏற்காதபடி மாற்றிவிட்டார்கள். என் மகனின் தாவும் விசை அன்றோடு நின்றது. கையேட்டில் எந்த விளையாட்டு என்று தெளிவாக எழுதுங்கள், சார்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மூன்று சொற்களையும் பலகையில் எழுதி, வகுப்புக்கு வந்த பதினொரு பேரிடம் கேட்டேன். கட்டளைக்கொத்து என்றதும் புரிந்தது என்றார்கள். ஆனால், 'கொத்து விரிகிறது' என்று சொல்லச் சொன்னபோது வாயில் வரவில்லை. அவிழ்கிறது என்றாள் ஒரு பெண். தொகைப்பெயருக்கு முதலில் முகம் சுளித்தார்கள். கபிலபரணரைச் சொல்லி விளக்கியதும், போன மாதத் தமிழ்த் தேர்வில் வந்தது என்று அவர்களே விரித்துக் காட்டினார்கள். கடைசியில் ஏழு பேர் தொகைப்பெயர் என்றார்கள். அச்சுக்கு அதையே கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் 'அலியாஸ் எனப்படும் தொகைப்பெயர்' என்று ஒரு முறை எழுதியிருக்கிறேன். `autoexec.cfg` பற்றிய பத்தியையும் விளையாட்டின் பெயரையும் சேர்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

சார், அச்சுக்குப் போவதற்குள் ஒன்று மட்டும். ஆறாம் பக்கத்தில் `kuni` எடுத்துக்காட்டை வைத்திருக்கிறீர்கள். அதன் முதல் வரியில் அந்தப் பெயருக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. தொகை எங்கே என்று அந்தப் பதினொரு பேரில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்? விளிப்பெயரை ஐயா ஏற்காவிட்டாலும் சரி, அந்தப் பக்கத்தில் மட்டுமாவது வெறுமனே 'பெயர்' என்று எழுதுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

ஒரு சொல்லே நின்று பின்னர் பலவாய் விரியும் இடங்கள் இலக்கணத்திலும் உண்டு அம்மா. எடுத்துக்காட்டோடு நாளை எழுதுகிறேன். தொக்கைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.