ஆபீஸ் ஃப்ரிட்ஜுக்கு மரியாதையான ஓர் அறிவிப்பு: எந்த நாள், எந்த மணி என்று எழுதுவது?

பெருங்குடி அட்மின்:
வணக்கம். எழுபது பேருக்கு ஒரே டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மதியச் சாப்பாட்டு டப்பாவையும் மிச்சத்தையும் எப்போது எடுத்துவிட வேண்டும் என்று மனம் நோகாமல் சொல்கிற மாதிரி ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இப்போது ஒட்டியிருப்பது "பழைய உணவுகள் அகற்றப்படும்" என்று ஒரே வரி. அதனால் எதுவும் மாறவில்லை. உங்கள் இடங்களில் என்ன எழுதினீர்கள், எது நடைமுறைக்கு வந்தது, எது சண்டையில் முடிந்தது என்று பகிருங்கள்.

கிண்டி ஃபெசிலிட்டி:
"பழைய" என்ற சொல்தான் சிக்கல். அவரவர் டப்பா அவரவருக்குப் புதுசு. நேற்றைய சாம்பாரை யாரும் பழசு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிழமையும் மணியும் போட்டால்தான் பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

எந்த மணி என்பதை ஹவுஸ்கீப்பிங் நேரத்தை வைத்து முடிவு பண்ணுங்க. நிறைய இடத்தில் "வெள்ளி மாலை 6" என்று போடுகிறார்கள். ஆறு மணிக்குப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், சுத்தம் பண்ணுகிற அக்காவும் இருக்க மாட்டார். திங்கள் காலை திறந்தால் நாற்றம்தான். வெள்ளி மாலை 4 நல்ல நேரம். மூணு மணிக்கு குரூப்பில் ஒரு வரி நினைவூட்டினால், ஒரு மணி நேரம் இருக்கிறது, எடுத்துவிடுவார்கள். டப்பா எடுத்து, தட்டுகளைத் துடைத்து, ஈரக் குப்பையைக் கீழே பச்சைத் தொட்டியில் சேர்க்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்தக் குப்பை சனி, ஞாயிறு பான்ட்ரியிலேயே கிடந்தால் சுத்தம் பண்ணியதற்கே அர்த்தமில்லை.

அடுத்தது பெயர்ச் சீட்டு. மாஸ்கிங் டேப்பையும் மார்க்கரையும் கயிறு கட்டி ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலேயே தொங்க விடுங்க. டிராயரில் வைத்தால் ஒருத்தரும் தேட மாட்டார்கள். டப்பா உள்ளே போகும் முன்னாலேயே ஒட்டச் சொல்லுங்க. வெளியே எடுத்த எவர்சில்வர் டப்பா வேர்த்துவிடும், டேப் ஒட்டாது. மூடியில் ஒட்டக் கூடாது, பக்கவாட்டில்தான். மதியம் பத்து மூடி மாறிப் போகும், பெயரும் கூடவே போய்விடும். பெயரோடு உள்ளே வைத்த கிழமையை எழுதினால் போதும். "எறிய வேண்டிய நாள்" என்று எழுதச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள்.

அம்பத்தூர் ராஜா:
கிழமையெல்லாம் எதுக்குங்க? வெள்ளி 4 மணின்னு ஒண்ணு போட்டா போதும். ஃப்ரிட்ஜ்ல இருந்தா கிருமி வளராது, ஒரு வாரம் தாங்கும். திங்கக்கிழமை வெச்ச குழம்பை வெள்ளிக்கிழமை மைக்ரோவேவ்ல நல்லா சூடு பண்ணினா இருக்கிற கிருமியும் செத்துடும். அதுவும் இல்லாம சூடு நல்லா ஆறின பிறகுதான் உள்ள வைக்கணும்னு அறிவிப்புல போடுங்க, இல்லன்னா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்.

தரமணி உணவுப் பாதுகாப்பு:
ராஜா சார் சொல்வதில் பாதி சரி. கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே வைத்தால் பக்கத்து டப்பாக்கள் சூடாகும், அது உண்மை. ஆனால் "நல்லா ஆறணும்" என்று மூணு மணி நேரம் மேசை மேல் வைப்பதுதான் அதைவிட ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மே மாதம் ஏசி இல்லாத பான்ட்ரியில் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

குளிர் கிருமியைக் கொல்லாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். லிஸ்டீரியா மாதிரி சில வகைகள் ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். 5 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இருக்கிற ஃப்ரிட்ஜிலேயே சமைத்த மிச்சத்துக்கு மூணு, நாலு நாள்தான் கணக்கு. ஆபீஸ் ஃப்ரிட்ஜோ பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை திறந்து திறந்து மூடப்படுகிறது. திங்கள் வைத்த குழம்பு வெள்ளி வரை இருக்கவே கூடாது.

சாதம் இன்னும் கறார். வெந்த அரிசியிலும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து உயிரோடு இருக்கும். சாதம் வெளியில் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. அதனால்தான் "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்பது சாதத்துக்குச் செல்லாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வியாழன் 12.30க்குக் கடையில் பொட்டலம் கட்டிய பிரியாணி. 1.10க்கு வந்து சேர்கிறது. பாதி சாப்பிட்டுவிட்டு மீட்டிங் போய்விட்டு 3.30க்கு மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். சீட்டில் "வியாழன்" என்று ஒழுங்காக எழுதுகிறார். விதிப்படி வெள்ளி வரை இருக்கலாம். ஆனால் அது உள்ளே போகும்போதே மூணு மணி நேரம் ஆகிவிட்டது, டெலிவரி நேரமும் கணக்குதான். வெள்ளி மதியம் மணம் நன்றாகவே இருக்கும், ருசியும் மாறியிருக்காது, ஆனாலும் அதைச் சாப்பிடக் கூடாது. மூக்கை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே அறிவிப்பில் எடுக்கும் நேரத்தோடு வைக்கும் நேரமும் ஒரு வரி வேண்டும்: மிச்சத்தைச் சாப்பிட்ட கையோடு உள்ளே வையுங்கள், மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

அம்பத்தூர் ராஜா:
அப்போ பழைய சோறு? ராத்திரி முழுக்க வெளியிலதானே இருக்கு, நம்ம தாத்தா காலத்திலிருந்து சாப்பிடறோமே.

தரமணி உணவுப் பாதுகாப்பு:
அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுவது. புளிப்பு ஏற ஏற பல கிருமிகளுக்கு அங்கே வாழ வழியில்லாமல் போகும். எண்ணெயும் முட்டையும் சேர்த்து டப்பாவில் அடைத்த ஃப்ரைடு ரைஸை அதோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

மயிலாப்பூர் சுதா:
எங்க ஃப்ரிட்ஜ்லயும் பிரச்சினை. காய்கறி டிரே அடியில தண்ணி தேங்கி நாறுது. எந்த கம்பெனி ஃப்ரிட்ஜ் வாங்கினா இந்தத் தொல்லை இருக்காது?

கிண்டி ஃபெசிலிட்டி:
கேள்வி வேற, ஆனாலும் சொல்றேன். புதுசு வாங்க வேண்டாம். உள்ளே பின்சுவரின் அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை இருக்கும், சோற்றுப் பருக்கையோ கறிவேப்பிலையோ அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக அடித்துப் பாருங்க. டப்பாக்களைப் பின்சுவரை ஒட்டித் திணிக்காமல் இருந்தால் காற்று வருகிற துளையும் அடைபடாது. திணித்து வைத்த ஃப்ரிட்ஜில் பின்னால் உறையும், முன்னால் இருக்கிற தயிர் புளிக்கும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்துக் காலையில் ஒரு தடவை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை பாருங்க. மதியம் ரொம்ப ஏறினால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம்.

போரூர்:
என்னுடைய இன்சுலின் பேனா ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை சுத்தம் என்றாலே பயமாக இருக்கிறது. இதற்கு அறிவிப்பில் இடம் உண்டா?

தரமணி உணவுப் பாதுகாப்பு:
கட்டாயம் வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படாது. ஃப்ரீசரும் பின்சுவரும் கூடாது. கதவில் குளிர் ஏறி இறங்கும், அங்கேயும் வேண்டாம். நடுத்தட்டில் மூடியுள்ள சின்ன டப்பா, மேலே "மருந்து" என்று மட்டும். பெயரை உள்ளே எழுதிக்கொள்ளுங்கள், யாருக்கு என்ன நோய் என்று எல்லோரும் படிக்க வேண்டியதில்லை.

அண்ணா நகர் எச்.ஆர்:
டப்பாவை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் இடத்தில் சண்டை வந்தது. உணவை மட்டும் கொட்டினோம், எவர்சில்வர் டப்பாக்களைக் கழுவி வைத்தோம். பிறகு அது வசதியாகிவிட்டது, கழுவ ஆள் இருக்கிறார்கள் என்று டப்பாவை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். அடுத்தவர் வீட்டு ஊசிப்போன குழம்பை ஹவுஸ்கீப்பிங் அக்கா ஏன் திறக்க வேண்டும்? டப்பாவோடு அகற்றுவோம் என்று எழுதுவதுதான் நியாயம்.

கிண்டி ஃபெசிலிட்டி:
எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா கொடுத்த டப்பாவைக் குப்பையில் போட்டால் அடுத்த ஆறு மாதம் அந்தப் பேச்சுதான். கொட்டி, ஒரு அலசு அலசி, மேசை மேல் ஒரு டிரேயில் அடுத்த வெள்ளி வரை வைக்கலாம். பூஞ்சை தெரிந்தால் மட்டும் திறக்காமல் கவரில் கட்டிப் போட்டுவிடலாம். அக்காவுக்குக் கையுறை கொடுப்பது ஆபீஸின் கடமை.

பெருங்குடி அட்மின்:
எல்லாவற்றையும் வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"அன்பான நண்பர்களுக்கு,
இந்த ஃப்ரிட்ஜை ஒவ்வொரு வெள்ளியும் மாலை 4 மணிக்குச் சுத்தம் செய்கிறோம். உங்கள் டப்பாவில் பெயரையும் வைத்த கிழமையையும் எழுதி ஒட்டுங்கள். டேப்பும் மார்க்கரும் கைப்பிடியில் உள்ளன. மதியச் சாப்பாட்டை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் சாப்பிட்டவுடன் உள்ளே வைத்து, மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். வெள்ளி 4 மணிக்கு உள்ளே இருக்கும் உணவை நாங்கள் அப்புறப்படுத்துவோம். டப்பாவை அலசி, அடுத்த வெள்ளி வரை மேசை மேல் வைத்திருப்போம். மருந்து டப்பா, பால் பாக்கெட், ஊறுகாய் பாட்டில் ஆகியவற்றைத் தொட மாட்டோம். ஒத்துழைப்புக்கு நன்றி. அட்மின்."

தரமணி உணவுப் பாதுகாப்பு:
பால் பாக்கெட்டை விலக்காதீர்கள். வெட்டிய பாக்கெட் திங்கள் வரை தாங்காது. "திறக்காத பால் பாக்கெட்" என்று மாற்றி, தேதி முடிந்ததை எடுத்துவிடுங்கள். ஊறுகாய் சரி.

சிறுசேரி நைட் ஷிஃப்ட்:
எங்களை மறந்துட்டீங்க. நாங்க வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு வந்து டப்பா வைப்போம், சனி விடியக்காலை மூன்றரைக்கு கேப் ஏறுவோம். நாலு மணி சுத்தம் எங்களைத் தொடாது, ஆனா நாங்க விட்டுட்டுப் போறது திங்கள் வரைக்கும் உள்ளேயே இருக்கும். அப்புறம், வெள்ளியே லீவு விட்டா? பொங்கலுக்கு நாலு நாள் மூடினா?

கிண்டி ஃபெசிலிட்டி:
லீவு விஷயத்துக்கு "வாரத்தின் கடைசி வேலை நாள்" என்று மாற்றினால் போதும், அடைப்பில் "வழக்கமாக வெள்ளி" என்று போடுங்க. பொங்கலுக்கு முழுக்கக் காலி பண்ணிப் பிளக்கைப் பிடுங்கினால் கதவை மூடாதீங்க. ஒரு துண்டை மடித்து இடுக்கில் வைத்துத் திறந்தே விடணும், இல்லாவிட்டால் ரப்பரில் கரும்பூஞ்சை பிடிக்கும். புயலுக்குத் திடீரென்று ஆபீஸ் மூடி கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் இருந்தாலும் 4 மணி நேரம்தான் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் சமைத்ததை எல்லாம் கேட்காமலேயே எடுத்துவிட அட்மினுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்க.

நைட் ஷிஃப்டுக்கு என்னிடம் முழு விடை இல்லை. சனி காலை ஹவுஸ்கீப்பிங் வருகிற இடம் என்றால் "வெள்ளி" சீட்டு உள்ள டப்பாவை மட்டும் பத்து மணிக்கு எடுக்கலாம்.

சிறுசேரி நைட் ஷிஃப்ட்:
எங்க பில்டிங்ல சனிக்கிழமை செக்யூரிட்டி மட்டும்தான். அவரை டப்பா எடுக்கச் சொல்ல முடியாது.

அண்ணா நகர் எச்.ஆர்:
கேப் ஏறும் முன் ஷிஃப்ட் லீட் ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாம். ஒரு மாதம் முயன்று பாருங்கள். அறிவிப்பில் அதைச் சேர்க்க வேண்டாம், ஷிஃப்ட் ஒப்படைப்புத் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள்.