டிராபேக்கா, பாண்டட் வேர்ஹவுஸா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆம்பூரில் சின்ன ஷூ யூனிட் நடத்துகிறேன். தோல் உள்ளூர், சோலும் பக்கிளும் சீனாவிலிருந்து. ஒரு ஜோடிக்கான இறக்குமதிப் பொருளுக்கு 60 ரூபாய் சுங்க வரி கட்டுகிறேன். ஏற்றுமதி செய்ததும் அந்த வரியைத் திருப்பித் தரும் டிராபேக்காக, எல்லாருக்கும் பொதுவான விகிதத்தில், வந்தது 35 ரூபாய்தான்.

கட்டிய வரியில் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது எனக்கு 48 ரூபாய்க்குக் கீழே, வந்தால் டிராபேக் விதிகளில் விதி 7-இன்படி, நாம் உண்மையில் கட்டிய வரியை வைத்துக் கணக்கிடும் பிராண்ட் ரேட் கேட்கலாம். ஆனால் ஏஜென்ட் வழக்கம்போல ஷிப்பிங் பில்லில் பொது விகிதத்தையே கோரிவிட்டார். அப்படிக் கோரிய சரக்குக்கு விதி 7 கிடையாதாம். சரி, அது போனது போகட்டும்.

அடுத்த ஆர்டருக்கு யூனிட்டையே சுங்கச் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் பாண்டட் வேர்ஹவுஸாக மாற்றலாமா என்று யோசனை. சோலுக்கு முதலில் வரியே கட்ட வேண்டாம், பணம் முடங்காது. ஆனால் வரியைப் போல் மும்மடங்குக்குப் பாண்ட் எழுத வேண்டும், பொது விகித டிராபேக்கும் கிடைக்காது.

இப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கழிவாகும் சோலுக்குக் கணக்கு எப்படி வைக்கிறீர்கள்? பிராண்ட் ரேட்டிலேயே இருப்பவர்கள், ஏற்றுமதி அனுமதி கிடைத்த 3 மாதத்துக்குள் எந்தெந்தக் காகிதங்களோடு விண்ணப்பித்தீர்கள்?