எழுபது பிள்ளைகளா, இரண்டு வகுப்புகளா?

வைகைக்கரை
எம்.எட். படிக்கும் எதிர்வீட்டுப் பெண் போன வருடம் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 7 அ பிரிவுக்கு அட்டைகளை வைத்துப் பின்னம் நடத்தியிருக்கிறாள், 7 ஆ பிரிவுக்கு வழக்கம்போல. பிரிவுக்கு 35 பேர். கடைசித் தேர்வில் இருபதுக்கு அ பிரிவின் சராசரி 15, ஆ பிரிவின் சராசரி 10.8. டி-சோதனையும் இது தற்செயலாக வந்த வித்தியாசம் போலத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. தலைப்பில் "மதுரை மாவட்ட மாணவர்களிடையே" என்று போட்டிருந்தாள்.

"ஒரு பள்ளியை வைத்து மாவட்டமா?" என்றேன்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நீங்கதானே சொல்வீங்க பெரியம்மா!"

"ஒரே பானை, ஒரே அடுப்பு. அதனால ஒரு பருக்கை போதும். பக்கத்து வீட்டு உலை கொதிச்சதான்னு உன் பருக்கைக்குத் தெரியுமா?"

அப்புறம் காலாண்டுத் தேர்வுக் கணக்கு மார்க்கைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். அட்டைக்கு முன்பே அ பிரிவு 62, ஆ பிரிவு 52. அ ஆங்கில வழி, ஆ தமிழ் வழி. பிரித்தது பள்ளிக்கூடம்; குலுக்கல் எதுவும் நடக்கவில்லை. போதாததற்கு, அ பிரிவுக்குக் கணக்கு முதல் பீரியட், ஆ பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு.

வினாத்தாளையும் பார்த்தேன். இருபதில் பன்னிரண்டு கேள்விகள் அட்டையில் இருந்தவையே, எண்கூட மாறவில்லை. பிரித்துக் கூட்டச் சொன்னேன். அந்தப் பன்னிரண்டில் அ 10.1, ஆ 6.6. மற்ற எட்டில் அ 4.9, ஆ 4.2. எட்டுக்கு 0.7 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது. காலாண்டிலேயே பத்து இருந்ததே! பின்னம் கூடுதலாகப் புரிந்ததற்குச் சாட்சி இல்லை. அட்டைக் கணக்கு மனதில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

திருமங்கலம் கணக்கு வாத்தியார்
மாதிரி போதவில்லை, அதுதான் குறை. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் போட்ட மாதிரி அளவு அட்டவணையில் ஆயிரம் பேருக்கு 278 என்று இருக்கிறது. அதே பள்ளியில் 278 பேரை எடுத்திருந்தால் சரியாகியிருக்கும்.

கூட்டல்கழித்தல்
எண் சரிதான் சார். ஆனால் அது முழுப் பட்டியலையும் கையில் வைத்துக் குலுக்கி எடுத்து, இத்தனை சதவீதம் என்று மதிப்பிடும் சர்வேக்கானது. ஒரே பள்ளியில் 278 எடுத்தாலும் அது அந்தப் பள்ளிதான்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர், ஒரே சத்தம், ஒரே மத்தியானத் தூக்கம். அதனால் மார்க்கும் ஒருவரையொருவர் ஒட்டியே வரும். டி-சோதனையோ எழுபது பேரும் தனித்தனி என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. அந்த ஒட்டுதலை 0.2 என்று வைத்தால், ஒரு பிள்ளைக்கு வகுப்பில் மீதி 34 பேர் என்பதால் 1 + 34 × 0.2 = 7.8, எழுபதை அதால் வகுத்தால் தனித்தனியான ஒன்பது பேருக்குத்தான் சமம். உண்மையில் 0.2தானா என்பதை இந்த இரண்டு வகுப்பை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பல வகுப்புகள் வேண்டும்.

சோழவந்தான் செல்வி
வினாத்தாள் ஏற்புடைமைக்கு நான் ஐந்து நிபுணர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அது போதும்தானே? என் கவலை வேறு: எனக்கு p மதிப்பு 0.06 வந்திருக்கிறது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே வந்துவிடுமா?

கூட்டல்கழித்தல்
வரலாம். வரும்வரை சேர்த்துக்கொண்டே போனால் எந்த முறைக்கும் வரும், அதுதான் வம்பு. எத்தனை பேர் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். 0.06 என்றே எழுதுங்கள்.

வைகைக்கரை
செல்வி, கேள்விகள் பாடத்தை ஒட்டியிருக்கின்றன என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. இவளிடமும் ஐந்து இருந்தது. அட்டையும் வினாத்தாளும் ஒன்று என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் யாருக்கும் அவள் அட்டையைக் காட்டவில்லை.

அவளிடம் மூன்று வாரம் மிச்சமிருந்தது. தசம எண்களுக்கு மாற்றிப் போடச் சொன்னேன்: அட்டை ஆ பிரிவுக்கு, வழக்கமான பாடம் அ பிரிவுக்கு. இந்த முறை வினாத்தாளில் அட்டைக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. பத்து மார்க் இடைவெளி நூற்றுக்கு மூன்றானது.

திருமங்கலம் கணக்கு வாத்தியார்
அப்படியானால் அட்டை வேலை செய்ததுதானே?

வைகைக்கரை
இருக்கலாம். தசமம் இரண்டு பிரிவுக்குமே எளிதாக இருந்து இடைவெளி தானாகச் சுருங்கியிருக்கலாம். அவள் நடத்திய உற்சாகமாகவும் இருக்கலாம்; இரண்டு பிரிவுக்கும் டீச்சர் அவள்தான், எது தன் முறை என்பதும் அவளுக்குத் தெரியும். "ஓர் அரசுப் பள்ளியின் இரு ஏழாம் வகுப்புப் பிரிவுகளில்" என்று தலைப்பை மாற்றினோம். டி-மதிப்பை எடுத்துவிடலாம் என்றேன், கைடு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த அட்டவணைக்குக் கீழே, பிரிவுகள் குலுக்கிப் பிரிக்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தாள்.

கூட்டல்கழித்தல்
ஒரு வரி போதுமா? நானாக இருந்தால் அந்த அட்டவணையையே எடுத்திருப்பேன்.

வைகைக்கரை
நீங்கள் எடுப்பீர்கள். அவளுக்குக் கைடு கையெழுத்துப் போட வேண்டுமே.